சொல்லிக்கொண்டு கிளம்பலாமா?

"சித்திரையில் என் கணவர் தவறிவிட்டார். காவேரிப்பட்டணத்தில் பதினேழு வருஷம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஓசூரில் இருக்கும் மகனோடு போகிறேன். தெருவில் எல்லோருக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போக ஆசை. 'சாவு நடந்த வீட்டிலிருந்து யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது' என்கிறார் நாத்தனார். எழுதலாமா? என்ன எழுதுவது?"
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

எழுதுங்கள் அம்மா. நாத்தனார் சொல்வதும் இல்லாத வழக்கம் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் எழுந்து போவார்கள்; இதே காரியத்துக்கு மறுபடி வரவேண்டாம் என்று அர்த்தம். அதனால் கடிதத்தில் 'போய் வருகிறோம்', 'அவசியம் வீட்டுக்கு வாருங்கள்' என்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். எழுதியதை நாத்தனாருக்குப் படித்துக் காட்டுங்கள். பாதி மனத்தாங்கல் அதிலேயே போய்விடும்.

லாரி வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் மகன் கையில் கொடுத்தனுப்புங்கள். கணவரை இழந்தவர் கொஞ்ச காலம் வாசல் ஏறக்கூடாது என்று நினைக்கிற வீடு ஒன்றிரண்டு எந்தத் தெருவிலும் இருக்கும். அது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிளம்புகிற நேரத்தில் புதிதாக ஒரு மனவருத்தம் உங்களுக்கு எதற்கு?

கடிதம் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், ஒரு பக்கத்துக்குள். கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறவர்கள் நிறைய. தமிழ் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் சிலருக்குப் படிக்க வராது. பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளைதான் சத்தமாகப் படித்துக் காட்டும். அதனால் நாலு பேர் காதில் விழக்கூடாத எதையும் அதில் வைக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் வரவேண்டிய அட்வான்ஸ் பற்றிய பேச்சு கண்டிப்பாக வேண்டாம்.

'எங்கள் துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் நன்றி' என்று போஸ்டர் அடிப்பவரும் எழுதுவார். கடைசியில் இரண்டு வரி இடம் விட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் செய்ததை மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள். 'எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்காத நாளெல்லாம் இட்லியும் ரசம் சாதமும் உங்கள் வீட்டிலிருந்து வந்தன. உங்கள் தூக்குவாளியை இத்துடன் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.' எதிர்வீட்டுத் தம்பிக்கு, 'ராத்திரியில் ஃப்ரீசர் பெட்டிக்கு அலைந்தது நீங்கள் என்று பிறகுதான் தெரிந்தது.' அன்று யார் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கு முழுசாக ஞாபகம் இருக்காது. சாவுச் செலவு எழுதிய நோட்டை எடுத்து, பந்தல், நாற்காலி, மாலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, யார் ஓடினார்கள் என்று மகனிடம் கேளுங்கள்.

பண விஷயத்தில்தான் ஜாக்கிரதை. உணர்ச்சிவசப்பட்டு 'அவர் வைத்த கடன் எல்லாவற்றையும் நாங்கள் அடைப்போம்' என்று எழுதிவிடாதீர்கள். அவர் விட்டுப்போன சொத்தில் உங்களுக்கு வந்த மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகள் பொறுப்பு. அதற்கு மேல் நீங்களாக எழுதிக் கொடுத்தால், பிற்பாடு அந்தத் தாளையே உங்கள் முன்னால் நீட்டுவார்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், அது போதும்.

இன்னொரு விஷயம் யாரும் யோசிப்பதில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு மனு போட்டால், தாசில்தார் கையெழுத்துக்கு முன்னால் வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். நீங்கள் ஓசூர் போன பிறகு அவர்கள் வந்தால், பக்கத்து வீட்டில்தான் கேட்பார்கள். சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'தெருவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு ஓசூரில் இருக்கப் போகிறேன். நேரில் வந்து பேச மனசு தெம்பாக இல்லை, தப்பாக நினைக்கவேண்டாம். பதினேழு வருஷம் எங்களை உங்களில் ஒருத்தராக வைத்திருந்தீர்கள். அவர் போன அன்றைக்கும் எங்களைத் தனியாக விடவில்லை. அவருக்கும் உங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதாவது இருந்தால், விவரத்தோடு மகனிடம் பேசுங்கள். வி.ஏ.ஓ. ஆபீசிலிருந்து எங்களைப் பற்றிக் கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். மகனின் நம்பர் கீழே இருக்கிறது.'

இதற்குக் கீழே அந்த இரண்டு வரி. சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாத வீடு இருந்தால், அவர்களுக்கும் கடிதம் போகட்டும். கீழே எதுவும் எழுதவேண்டாம், உங்கள் பெயர் மட்டும் போதும்.

ஓசூர் விலாசத்தை எல்லாப் பிரதியிலும் எழுதவேண்டாம். நெருங்கின ஒரு வீட்டில் மட்டும் சொல்லி வையுங்கள். வங்கி, எல்.ஐ.சி. தபாலெல்லாம் பழைய வீட்டுக்குத்தான் வரும். கிளம்புமுன் காவேரிப்பட்டணம் தபால் நிலையத்தில் விலாச மாற்றத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் மகனை.