தாய்ப்பாலும் தினசரி ஓட்டமும்: எங்கே இடிக்கிறது?

"வயது 29. சுகப்பிரசவமாகி 4 மாதம் ஆகிறது, தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். போன மாதத்திலிருந்து தினமும் காலையில் 5 கி.மீ. ஓடுகிறேன். 61 கிலோவாக இருந்தவள் 58க்கு வந்துவிட்டேன். சாயங்காலம் பால் போதவில்லையோ என்று தோன்றுகிறது, தலைவலியும் வருகிறது. பச்சை உடம்பு, தண்ணீரைக் குறை என்கிறார் மாமியார். ஓட்டத்தை நிறுத்திவிடவா?"

நிறுத்த வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். ஒரு கிலோ எடை குறைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். மாதம் 3 கிலோ என்றால், தினமும் 770 கலோரி துண்டு விழுகிறது. நாளுக்குச் சுமார் 750 மி.லி. பால் சுரக்க 500 கலோரி போகும். உங்கள் எடையில் 5 கி.மீ. ஓட 290 போகும். செலவு ஏறியும் சாப்பாடு ஏறவில்லை. இப்படியே போனால் சிலருக்குப் பால் குறையும்.

ஒருநாள் இடைவெளி விட்டாலே சராசரியாக 145 கலோரி மிச்சம். அதோடு ஒரு கைப்பிடி (30 கிராம்) வறுத்த வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை சேர்த்தால் இன்னொரு 375 வந்துவிடும். மிஞ்சும் பற்றாக்குறையில் வாரம் கால் கிலோ போலக் குறையும். அரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மாமியார் சொல்வதைக் கேட்க வேண்டாம். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான், அதனால் வழக்கத்தைவிட முக்கால் லிட்டராவது கூடுதலாக வேண்டும். லேசாகத் தண்ணீர் குறைந்தால் உடனே பால் வற்றாது. முதலில் வாடுவது நீங்கள்தான்: தலைவலி, மலச்சிக்கல், அடர் மஞ்சளாகச் சிறுநீர். அதற்காகக் குடம் குடமாகக் குடித்தாலும் பால் கூடாது. குழந்தை குடித்துக் காலி செய்தால்தான் சுரக்கும். பாலூட்டும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 600 கிராம் குறைந்திருந்தால் அது வியர்வை. அடுத்த சில மணி நேரத்தில் முக்கால் லிட்டர் குடித்து ஈடுகட்டுங்கள். உப்புப் போட்ட மோரும் இதில் சேர்த்திதான்.

பால் கொடுத்துவிட்டு ஓடக் கிளம்புங்கள், மார்பு கனக்காது. மிதமான ஓட்டத்தால் பால் கெடாது.

சாயங்காலம் குழந்தை சிணுங்குவதை மட்டும் வைத்துப் பால் போதவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். இந்த வயதில் அது சகஜம். 24 மணி நேரத்தில் 6 முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, கீழே ஏதோ இறங்குவதுபோல் கனத்தாலோ இடுப்புத்தளத் தசைகள் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். அப்போது நடைக்குத் திரும்பிவிட்டு, பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.