அக்கி ஆறிய பிறகும் எரிச்சல் ஏன்?

"அப்பாவுக்கு அக்கிக் கொப்புளம் காய்ந்து நாலு மாசம் ஆச்சு. இன்னும் பனியன் பட்டாலே விலா எரியுதுன்னு சொல்றார். ஏன்?"

ஆறியது தோல் மட்டும்தான், நரம்பு இன்னும் ஆறவில்லை. சின்னம்மை வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் பல வருஷம் பதுங்கியிருந்து, அக்கியாக வெளியே வருகிறது. வரும் வழியில் அந்த நரம்பிழைகளைச் சிதைத்துவிடுகிறது. சிதைந்த இழையில் சோடியம் உள்ளே நுழையும் நுண்வாய்கள் தாறுமாறாகக் கூடிவிடுவதால், யாரும் தொடாமலே அது மின்துடிப்பை அனுப்புகிறது. எரிச்சல் அதுதான்.

பனியன் விஷயம் வேறு. ஓயாத துடிப்பால் தண்டுவடமே கூருணர்வு பெற்று, வலியை அடக்கும் செல்களும் தளர்ந்துவிடுகின்றன. அப்புறம் சாதாரணத் தொடுகையும் வலியாகவே மூளைக்குப் போகிறது. துணி லேசாக உரசினால் துடிப்பவர், அதே இடத்தை உள்ளங்கையால் அழுத்தினால் பலசமயம் தாங்கிக்கொள்வார். நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

பாராசிட்டமால் இதற்குப் பெரிதாகக் கேட்காது. காபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை அந்தத் துடிப்பையே தணிப்பவை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். வயதானவர்களுக்குத் தலைசுற்றி விழும் அபாயம் உண்டு, எனவே மருத்துவர் சொல்லும் அளவுதான். புண் இல்லாத தோலில், மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் பட்டையும் ஒட்டலாம்.