நாலு மாதமாக மாதவிலக்கு இல்லை, நீர்க்கட்டிதானா?

கேள்வி: எனக்கு 24 வயது. கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த மாதவிலக்கு நாலு மாதமாக வரவில்லை. கர்ப்பம் இல்லை என்று இரண்டு முறை பரிசோதித்தாகிவிட்டது. மெடிக்கலில் கொடுத்த கேஸ் கேப்சூலை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். குளிக்கும்போது மார்பில் பால் போலக் கசிகிறது. எல்லோரும் நீர்க்கட்டி என்கிறார்கள், டாக்டர்.

பதில்: நீர்க்கட்டித் தொல்லையில் பெரும்பாலும் பூப்பெய்திய காலத்திலிருந்தே மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும், முகப்பருவும் தேவையற்ற ரோம வளர்ச்சியும் கூட இருக்கலாம். ஒழுங்காக வந்தது திடீரென நின்று, பாலும் கசிகிறது என்றால், என் சந்தேகம் முதலில் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மீதே செல்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சுரக்கும் இது மிகுந்தால், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள் குறைந்து, கருமுட்டை வெளிவருவது நின்றுவிடுகிறது.

உங்கள் கேப்சூல் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ரேபிப்ரசோல் அல்லது பான்டோப்ரசோல் என்ற பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் லெவோசல்பிரைட் அல்லது டோம்பெரிடோன் என்று இருக்கக்கூடும். புரோலாக்டினை ஏற்றுவது இந்த இரண்டாவது மருந்துதான். மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி வராமலிருக்கச் சிலர் போட்டுக்கொள்வதும் டோம்பெரிடோனே என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல மருந்துகள் சிலவும் இதே விளைவைத் தரும். ஆனால் அவற்றை எவரும் தாமாக நிறுத்தக் கூடாது.

மகப்பேறு மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, புரோலாக்டினுடன் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனையையும் கேளுங்கள்; தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் உயரும். பெண்களுக்குப் புரோலாக்டின் பொதுவாக மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் வரை இயல்பு. தூக்கம், பதற்றம், மார்பைப் பரிசோதித்தல் ஆகியவையும் இதைச் சற்று உயர்த்தும் என்பதால், எழுந்து ஓரிரு மணி நேரம் கழித்து, கொண்டை ஊசி வளைவுகளில் பயணம் செய்து வந்திருந்தால் அரை மணி நேரம் அமைதியாக அமர்ந்த பிறகு, ரத்தம் கொடுங்கள்.

அளவு கூடியிருந்தால், மருத்துவர் அந்தக் கேப்சூலை நிறுத்தி, மூன்று நாள்களுக்குப் பின் மறுபடி சோதிக்கச் சொல்வார். குறைந்துவிட்டால் காரணம் மருந்துதான். மாதவிலக்கு பெரும்பாலும் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ திரும்பும். தைராய்டு சரியாக இருந்தும் குறையவில்லை என்றால், பிட்யூட்டரியில் சிறு கட்டி உண்டா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். பெயர் பயமுறுத்தினாலும் அது புற்றுநோய் அன்று; பெரும்பாலோருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும்.

காரணம் தெரியுமுன் மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். ரத்தப்போக்கு வந்தால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள், புரோலாக்டினோ குறைந்திருக்காது. புரோலாக்டின் மிகுந்தால் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் குறையும்; அது நீண்ட நாள் குறைந்தே இருந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையும். விடாத தலைவலியோ, பக்கவாட்டுப் பார்வை மங்குவதோ இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.