பார்சல் பிக்கப் பாயிண்ட்: எட்டு ரூபாய் கமிஷனில் கையில் நிற்பது எவ்வளவு?

கேள்வி: கும்பகோணத்தில் சின்ன ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். தினம் சராசரியாக 7,500 ரூபாய் வியாபாரம். ஜிஎஸ்டி பதிவு இல்லை. சாயங்காலம் மனைவியும் கடையில் இருப்பார். ஒரு கூரியர் கம்பெனி, கடையில் பார்சல் பிக்கப் பாயிண்ட் வைக்கச் சொல்கிறது. பார்சலுக்கு 8 ரூபாய், தினம் 40 பார்சல் வருமாம். 20,000 ரூபாய் டெபாசிட் கேட்கிறார்கள். கடைக்குக் கூட்டமும் வரும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: கம்பெனி ஆள் உங்களிடம் 40 பார்சலை எட்டால் பெருக்கி, 26 நாளைக்கு 8,320 ரூபாய் என்று சொல்லியிருப்பார். கமிஷன் வருகிற பார்சலுக்கா, வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டு போன பார்சலுக்கா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். யாரும் எடுக்க வராமல் திரும்பிப் போகும் பார்சலை ஐந்தாறு நாள் நீங்கள் காத்து வைத்திருப்பீர்கள், அதற்குக் காசு கிடையாது. 40-ல் 34 கைமாறுகிறது என்று வைத்தால் மாதம் 7,072 ரூபாய்.

இதற்கு ஆகும் நேரம்: உள்ளே வாங்கி ஸ்கேன் செய்து ராக்கில் அடுக்கப் பார்சலுக்கு ஒரு நிமிடம், தேடி எடுத்து ஓடிபி கேட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம். ஒரு நாளைக்கு 108 நிமிடம். அதில் பாதிக்கு மேல் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வரும், உங்கள் வியாபாரமும் அந்த நேரத்தில்தான். உதவிக்கு ஓர் ஆளை வைத்து 3,500 ரூபாய் கொடுத்தால், நெட், கரண்ட் 400 போக மிச்சம் 3,172. மனைவியே பார்த்துக்கொண்டால் அந்த 3,500 வீட்டில் நிற்கும். ஆனால் அது அவருடைய உழைப்புக்கான கூலி, கமிஷனில் வந்த லாபம் இல்லை.

கூட்டத்தைப் பற்றிச் சொல்வது பாதி உண்மை. பார்சல் எடுக்க வருபவர் வண்டியை அணைக்காமலே நிற்பார். 34 பேரில் ஐந்து பேர் ஆளுக்கு 40 ரூபாய்க்கு வாங்கினால் 200 ரூபாய் விற்பனை. அதில் 25 சதவீதம் லாபம் என்றால் நாளுக்கு 50, மாதம் 1,300 ரூபாய். பலர் விற்பனைத் தொகையையே லாபமாக எண்ணி ஏமாறுகிறார்கள். பார்சல் மேசையை வாசலில் போட்டால் இந்த ஐந்து பேரும் வரமாட்டார்கள். கடைசி ராக்குக்குப் பக்கத்தில் போடுங்கள், கிளிப்பையும் வளையலையும் தாண்டித்தான் வர வேண்டும். தொடங்கிய முதல் இரண்டு வாரம் ஒரு நோட்டில் இரண்டு கணக்கு எழுதுங்கள்: பார்சல் எடுத்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், நெரிசலைப் பார்த்து உங்கள் பழைய வாடிக்கையாளர் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள். இரண்டாவது எண் நாளுக்கு மூன்றைத் தாண்டினால் கூட்டம் உங்களுக்கு நஷ்டம்.

அடுத்தது, உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் விஷயம். உங்கள் வருட விற்பனை சுமார் 23.4 லட்சம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அதனால்தான் இதுவரை பதிவில்லாமல் இருக்கிறீர்கள். கமிஷன் வாங்குவது சேவை. சேவையும் சேர்ந்துவிட்டால் வரம்பு மொத்த விற்றுமுதலுக்கு 20 லட்சமாக இறங்கிவிடும். அதாவது இந்த எட்டு ரூபாய்க்காக உங்கள் முழுக் கடையும் ஜிஎஸ்டிக்குள் போகும். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் போனாலும் வரிக்கு உட்பட்ட விற்றுமுதலில் 1 சதவீதம் கையிலிருந்து கட்ட வேண்டும். வருடம் சுமார் 24,000, மாதம் 2,000 ரூபாய். அந்த 3,172-ல் நிற்பது 1,172 மட்டுமே. கம்பெனி உங்கள் கமிஷனை வெளிமாநில ஜிஎஸ்டி எண்ணில் கணக்கு வைத்தால் காம்போசிஷனும் கிடைக்காது.

மனைவி உண்மையிலேயே இந்த வேலையைப் பார்க்கப் போகிறார் என்றால், ஒப்பந்தத்தை அவர் பெயரில் போடலாம். அவருடைய பான், அவருடைய வங்கிக் கணக்கு, கமிஷன் அவருக்கு. அவருக்கு வேறு தொழில் இல்லையென்றால் 20 லட்ச வரம்பு தொலைவில் இருக்கும். பெயருக்கு மட்டும் அவர், வேலையும் பணமும் நீங்கள் என்றால் இது நிற்காது. கையெழுத்துக்கு முன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வருடக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டுவதால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரி கட்டவேண்டிய அளவு இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம்.

பொறுப்பு விஷயத்தில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். பிறர் பொருளைக் காத்து வைப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காப்பதுபோல் காத்தால் போதும் என்கிறது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம். அப்படிக் காத்தும் தொலைந்தால் அவர் பொறுப்பில்லை. ஆனால் தனியாக வேறு ஒப்பந்தம் இருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கம்பெனித் தாளில் 'காணாமல் போனாலும் சேதமானாலும் முழுப் பொறுப்பு கடைக்காரருடையது' என்று ஒரு வரி இருந்தால், அதில் கையெழுத்துப் போடுவதே அந்தத் தனி ஒப்பந்தம். 15,000 ரூபாய் மொபைல் ஒன்று தொலைந்தால் அதை ஈடுகட்ட 1,875 பார்சல் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் 55 நாள் கமிஷன்.

அந்த வரியை இப்படி மாற்றித் தரச் சொல்லுங்கள்: நான் ஸ்கேன் செய்து ஏற்ற பார்சலுக்கு மட்டும் பொறுப்பு, அதுவும் டெபாசிட் தொகை வரை, ஆதாரம் காட்டாமல் கமிஷனில் பிடித்தம் கூடாது. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பார்சல் வேண்டாம் என்றும் கேட்கலாம். முழுப் பொறுப்பு வரியை மாற்ற மாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள்.

பார்சல் பெரும்பாலும் தொலைவது கணக்கில்தான். வண்டிக்காரர் அவசரத்தில் "நாற்பது இருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்பார். உள்ளே 39 இருந்தால் அந்த ஒன்று உங்கள் தலையில். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்த பிறகே கையெழுத்து. கிழிந்தது, டேப் மாற்றி ஒட்டியது இருந்தால் அவர் நிற்கும்போதே போட்டோ எடுத்து, ஆப்பில் சேதம் என்று பதியுங்கள். கொடுக்கும்போது ஓடிபி இல்லாமல் யாருக்கும் கிடையாது, தெரிந்த வீட்டுப் பையனே வந்தாலும். "தம்பி வருவான், குடுத்துடுங்க" என்ற போனுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு 'எனக்கு வரவில்லை' என்று புகார் போனால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

பொருளுக்குக் காசு வாங்கிக் கொடுக்கும் பார்சலும் உண்டென்றால் அந்தப் பணத்துக்குத் தனி டப்பா, அன்றன்றே கட்டிவிட வேண்டும். கம்பெனியின் க்யூஆர் கோட்டை மட்டும் வையுங்கள். உங்கள் யுபிஐயில் வாங்கினால் அடுத்தவர் பணமெல்லாம் உங்கள் விற்பனை மாதிரி கணக்கில் தெரியும்.

கடை இன்சூரன்ஸ் இருந்தால், பிறருடைய சரக்கும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். டெபாசிட்டைக் கம்பெனி பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், ஏரியா மேனேஜரின் ஜிபேக்கு வேண்டாம். வேண்டாமென்று நிறுத்தினால் எத்தனை நாளில் அது திரும்ப வரும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். முப்பது நாளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.