கிரேடு 1 என்றார்கள், பிறகு 13.8 என்கிறார்கள்

“என் கணவருக்கு 44 வயது. பல வருடங்களாகத் தினமும் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறார். முதலில் எடுத்த அல்ட்ராசவுண்டில் ‘கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1’ என்றார்கள். போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து வந்து, ஆரப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு நேராகப் போய் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம். 13.8 வந்தது, தழும்பு முற்றியிருக்கலாம் என்கிறார்கள். முந்தின இரவும் குடித்திருந்தார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.ஓ.டி. 212. எந்த ஸ்கேனை நம்புவது?”

அந்த ‘கிரேடு 1’ கொழுப்பை மட்டுமே சொல்கிறது. கொழுப்பு சேர்ந்த கல்லீரல், பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைவிடத் திரையில் வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பைப் பார்த்துத்தான் கிரேடு போடுகிறார்கள். தழும்பு அதில் எளிதில் தெரியாது. கல்லீரலின் மேற்பரப்பு கரடுமுரடாகி, மண்ணீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் அல்ட்ராசவுண்ட் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே ‘கிரேடு 1தானே’ என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

ஃபைப்ரோஸ்கேன் வலது விலா இடுக்கில் லேசாகத் தட்டி, அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிறது. இறுக்கம் கூடக் கூட அதிர்வு வேகமாக ஓடும். விடை கிலோபாஸ்கலில் வரும். குடிப்பவர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு அநேகமாக இல்லை. 12-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது.

ஆனால் கருவி அளப்பது இறுக்கத்தை, தழும்பை அல்ல. மதுவால் புண்ணாகி வீங்கிய கல்லீரலும் இறுகித்தான் இருக்கும். எஸ்.ஜி.ஓ.டி. வழக்கமாக 40-க்குள் இருக்க வேண்டும். 212 என்றால் வீக்கம் உச்சத்தில் இருக்கிறது. போதாததற்கு இட்லி வேறு! சாப்பிட்டதும் கல்லீரலுக்குப் பாயும் ரத்தம் கூடும், அளவும் ஏறும். குறைந்தது மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். இதைச் சொல்லாமல் மேஜையில் படுக்கவைத்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். அந்த 13.8-இல் தழும்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ரிப்போர்ட்டில் IQR/med என்ற இடத்தையும் பாருங்கள். பத்து முறை அளந்ததில் 30 சதவீதத்துக்கு மேல் சிதறல் இருந்தால் அந்த எண்ணையே நம்ப வேண்டாம்.

குடியை நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம் கழித்து, எஸ்.ஜி.ஓ.டி. இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, வெறும் வயிற்றில் அதே கருவியில் மறுபடி எடுங்கள். 7 அல்லது 8-க்கு இறங்கினால் பெரும்பகுதி வீக்கம்தான். 12-க்கு மேலேயே நின்றால் அது தழும்பாகவே இருக்கக்கூடும். கல்லீரல் மருத்துவர் அடுத்த சோதனைகளைச் சொல்வார்.

தினமும் குடிப்பவரை வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். நிறுத்தும் நாளை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.