படத்தில் பழைய பேனையைச் சோதிப்பது

புறக்கோட்டையில் ஒருவர் விற்கும் பெலிக்கன் எம்400 பேனையின் படங்கள் கிடைத்தன. மூடி வளையத்தில் 'டபிள்யூ. ஜேர்மனி', நிப்பில் 585. நம்பலாமா?

வளையம் நல்ல அறிகுறிதான். மேற்கு ஜேர்மனி என்ற நாடு 1990இல் முடிந்தது. ஆகவே மூடி ஏறத்தாழ அதற்கு முந்தியது. 585 என்றால் 58.5% தங்கம், அதாவது 14 கரட்.

ஆனால் இந்தப் பேனையில் நிப் திருகிக் கழற்றக்கூடியது. பின்னாளைய நிப்பையும் மாட்டியிருக்கலாம், எனவே நிப்பை வைத்து வயது சொல்லாதீர்கள்.

எனக்கு முக்கியம், மையை உள்ளே இழுக்கும் பிஸ்டன். வால்குமிழைத் திருகி, பிஸ்டன் கீழே இறங்கிய நிலையில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இன்னொரு படம் கேளுங்கள். பிஸ்டனுக்குப் பின்பக்கம் மை தெரிந்தால் சீல் கசிகிறது. அப்படியென்றால் பழுதுச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.