கேஸ் பேப்பரைத் திருத்தும்போது எதற்கு மார்க்?

கேள்வி: எம்பிஏ மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். கேஸ் அனாலிசிஸை பிரச்சினை வரையறை, தரவு, மாற்று வழிகள், பரிந்துரை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் 25 மார்க் போடுகிறேன். ஒரு மாணவி பிரச்சினையைத் தவறாகப் பிடித்துக்கொண்டார், ஆனால் அதற்குள் நன்றாக வாதாடியிருந்தார். 38 வந்தது. இன்னொருவர் ஆசிரியர் குறிப்பில் இருக்கும் விடையையே எழுதியிருந்தார், காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவருக்கு 66. மாணவி வந்து ஏன் என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: இரண்டு இடத்தில் இடிக்கிறது. மாணவி செய்தது ஒரு பிழை, அதற்கு நான்கு பகுதியிலும் மார்க் வெட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மற்றவருக்கு, முடிவு குறிப்போடு ஒத்துப்போனதால் அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார் என்று தேடாமலே கொடுத்திருக்கிறீர்கள். ஆசிரியர் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினால் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் கண் தானாகவே முடிவை ஒப்பிடப் போய்விடும். நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு பகுதி அடுத்த பகுதிக்குக் கைகொடுக்கிறதா என்பதை.

உங்கள் கேஸ் எது என்று எழுதவில்லை, அதனால் நானே சின்னதாக ஒன்றை வைத்துச் சொல்கிறேன். மென்பொருளைச் சந்தாவுக்கு விற்கும் ஒரு நிறுவனம். போன ஆண்டு 200 பெரிய வாடிக்கையாளர்கள், ஒருவர் கட்டுவது 100, அவருக்குச் சேவை செய்ய ஆகும் செலவு 40. சிறிய வாடிக்கையாளர்கள் 1,000 பேர், ஒருவர் கட்டுவது 10, செலவு 8. இது போக நிலையான செலவு 8,000. லாபம் 6,000. இந்த ஆண்டு பெரியவர்கள் 180 ஆகக் குறைந்துவிட்டார்கள், சிறியவர்கள் 1,600 ஆகிவிட்டார்கள், ஒரு சிறியவருக்கான செலவு 11 ஆக ஏறிவிட்டது, மற்றதெல்லாம் அப்படியே. விற்பனை 30,000 இலிருந்து 34,000 ஆக உயர்ந்திருக்கிறது, லாபம் 1,200 ஆக விழுந்திருக்கிறது. கேஸின் பின்பக்க டேபிளுக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு: அந்த 11 இல் 4 என்பது மாதச் சம்பளத்தில் இருக்கும் உதவிக் குழுவின் பங்கு, போன ஆண்டு அந்தப் பங்கு 1 தான், இந்த ஆண்டு குழுவைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

முதலில் வரையறை. "விற்பனை கூடியும் லாபம் சரிந்துவிட்டது, லாபத்தை எப்படி மீட்பது" என்று எழுதியவருக்குக் குறைந்த மார்க்தான், ஏனென்றால் கேஸின் முதல் பக்கத்தைப் படித்த யாரும் அதை எழுதிவிடலாம். நான் வைத்துக்கொள்ளும் சோதனையே இதுதான்: பின்பக்க டேபிள்களைத் திறக்காமல் இந்த வரியை எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் அது அறிகுறி மட்டும். நல்ல வரையறை சரிவைப் பிரித்துப் பார்த்திருக்கும். சிறியவர்களிடம் போன ஆண்டு 2,000 மிஞ்சியது, இந்த ஆண்டு 1,600 கையை விட்டுப் போகிறது, ஆக அங்கே மட்டும் 3,600 சரிவு. போய்விட்ட 20 பெரியவர்களால் 1,200. மொத்தம் 4,800 இல் முக்கால் பங்கு சிறியவர்கள் பக்கம். ஆகவே நிர்வாகம் இப்போது தீர்மானிக்க வேண்டியது சிறியவர்களுக்கான விலையையும் உதவிச் சேவையையும் என்ன செய்வது என்பதை. யார், எதை, எப்போதுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டால் முழு மார்க்குக்குப் பக்கத்தில் போடலாம்.

அடுத்து தரவு, இங்கேதான் திருத்துகிறவர் நிதானமாக உட்கார வேண்டும். டேபிளில் இருக்கும் எண்களை வாக்கியமாக மாற்றி எழுதுவது தரவைப் பயன்படுத்துவது ஆகாது. பேப்பரில் எண்கள் நிறைய இருக்கும், பார்க்க நன்றாகவும் இருக்கும், ஆனால் ஒவ்வொரு எண்ணையும் விரலால் மூடிக்கொண்டு படித்துப் பாருங்கள், வாதம் அசையாமல் நிற்கிறது என்றால் அந்த எண் அலங்காரத்துக்கு வந்தது. மாணவர் தானே கணக்கிட்ட எண் இருக்கிறதா, அது இல்லாவிட்டால் முடிவு மாறுமா என்று பாருங்கள்.

நம் கேஸில் உண்மையான சோதனை அந்த அடிக்குறிப்பு. ஒரு சிறியவர் 10 கட்டுகிறார், 11 செலவாகிறது, ஒவ்வொருவரிடமும் நஷ்டம், அதனால் அவர்களை விட்டுவிடலாம் என்று நிறைய பேர் எழுதுவார்கள். ஆனால் அந்த 11 இல் 4 சம்பளம். வாடிக்கையாளர்கள் போனாலும் குழு இருக்கும்வரை அந்தச் சம்பளம் போகாது. உண்மையில் மிச்சமாவது ஆளுக்கு 7, இழப்பது 10. 1,600 பேரையும் விட்டால் 4,800 போய்விடும், 1,200 லாபம் 3,600 நஷ்டமாகும். இதைக் கண்டுபிடித்தவர் கேஸைப் படித்திருக்கிறார். "குழுவையும் சேர்த்துக் குறைக்கலாம், அதற்கு இவ்வளவு காலம் ஆகும்" என்று எழுதி அதன் பிறகும் விட்டுவிடலாம் என்கிறவருக்கும் நல்ல மார்க் கொடுங்கள், அவர் அடிக்குறிப்பைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார். 11 ஐ அப்படியே எடுத்துக்கொண்டவருக்குக் கூட்டல் கழித்தல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தரவுப் பகுதியில் பாதியைத் தாண்டக் கூடாது.

வரையறைக்கு உங்களைப் போலவே 25, தரவுக்கு 30, மாற்று வழிகளுக்கு நான் 15 தான் வைப்பேன். மாணவர்கள் தமக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு, விழுவதற்கென்றே இரண்டைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஒவ்வொரு வழியையும் விவரம் தெரிந்த ஒரு மேலாளர் வாதாடி ஆதரிக்கக்கூடுமா, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறாரா, எதையும் மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறாரா, இவ்வளவு போதும்.

பரிந்துரைக்கு 30. ஆசிரியர் குறிப்பில் "சிறியவர்களுக்கு விலையை ஏற்று" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதையே எழுதிவிட்டு, லாபம் கூடும், வாடிக்கையாளர் திருப்தியும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடித்துவிடுகிறார். இன்னொருவர் விலையை 12 ஆக்கச் சொல்கிறார். ஆளுக்கு 12 வந்து 7 போனால் 5 மிஞ்சும், இப்போது சிறியவர்கள் தருகிற 4,800 ஐ 960 பேரே தந்துவிடுவார்கள், அதாவது 1,600 இல் 640 பேர், 40 சதவீதம், போனாலும் இன்றைய நிலைக்குக் கீழே இறங்க மாட்டோம். முதலில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும் ஏற்றிப் பார்ப்போம், சேருகிறவர்கள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் நிறுத்திவிட்டு உதவிக் குழுவைக் குறைக்கும் வழிக்குப் போவோம் என்கிறார். இரண்டு பேரும் ஒரே முடிவைத்தான் சொல்கிறார்கள். இரண்டாமவருக்கு 26 அல்லது 27 போடுவேன். முதலாமவருக்கு 9. தன் முடிவு எப்போது தவறாகும் என்று மாணவர் சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள், பரிந்துரையில் நான் மிக அதிகமாக மதிக்கும் வரி அது.

இப்போது உங்கள் மாணவியிடம் வருகிறேன். நம் கேஸில் அவர் "பெரிய வாடிக்கையாளர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், அதுதான் பிரச்சினை" என்று பிடித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மை, ஆனால் சரிவில் கால் பங்கு. வரையறைக்கு 25 இல் 8. அதற்குப் பிறகு அவர் வரைந்த வட்டத்துக்குள் நின்று திருத்த வேண்டும். ஒரு பெரியவர் போனால் 60 போகிறது என்று கணக்கிட்டு, ஒருவரைத் தக்கவைக்க அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்கலாம் என்று அதிலிருந்து வந்திருந்தால் அது தரவைப் பயன்படுத்துவதுதான். ஆனால் ஒரு வரம்பு உண்டு: அவர் எடுத்துப் பேசிய அதே டேபிளில் சிறியவர்களுக்கான செலவு 8 இலிருந்து 11 ஆனது கண்ணெதிரே இருந்தது, தன் வரையறைக்கு எதிரான அந்த எண்ணை அவர் தொடவே இல்லை. அது தரவுப் பகுதியின் தனிப் பிழை, அதற்கு அங்கே வெட்டலாம். ஆக தரவுக்கு 30 இல் 18, வழிகளுக்கு 15 இல் 11, பரிந்துரைக்கு 30 இல் 20. மொத்தம் 57. குறிப்பை ஒப்பித்தவருக்கு வரையறைக்கு 15, தரவுக்கு 7, வழிகளுக்கு 6, பரிந்துரைக்கு அந்த 9, மொத்தம் 37.

இதைச் செய்ய உங்கள் மார்க் தாளில் இரண்டு மாற்றம் வேண்டும். ஒன்று, "நன்று, சுமார்" என்ற சொற்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் பேப்பரில் எதைக் கண்டால் எந்த மார்க் என்று எழுதுங்கள். தரவில் மேல்மட்டம் என்றால் "தானே கணக்கிட்ட எண் உண்டு, முடிவு அதன் மேல் நிற்கிறது, எதிரான எண்ணுக்கும் பதில் உண்டு" என்பது போல. இரண்டு, "ஒரு பிழைக்கு ஒரு முறைதான் குறைப்பு" என்று தாளிலேயே எழுதி மாணவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு, பரிந்துரை அவருடைய சொந்த வரையறைக்கே பதில் சொல்லவில்லை என்றால் அங்கே மறுபடியும் குறையும், அது புதுப் பிழை.

திருத்தும் வரிசை பற்றியும் ஒன்று. எல்லாருடைய வரையறையையும் முதலில், அப்புறம் எல்லாருடைய தரவையும் என்று போனால் சீராக இருக்கும் என்று சொல்வார்கள். தனித்தனிக் கேள்விகளுக்கு அது சரி, கேஸ் பேப்பருக்கு ஒத்துவராது, இணைப்புகள் கண்ணில் படாமலே போய்விடும். பேப்பரை முழுதாக ஒரு முறை படியுங்கள், மார்க் போடாமல். பரிந்துரையிலிருந்து பின்னோக்கிப் போய், இது எந்த வழியிலிருந்து வந்தது, அந்த வழி எந்த எண்ணில் நிற்கிறது, அந்த எண் வரையறையின் எந்தச் சொல்லைத் தாங்குகிறது என்று ஓரத்தில் கோடு போடுங்கள். கோடு அறுபடும் இடத்தில்தான் மார்க் குறையும். முதல் ஐந்தாறு பேப்பரைக் கடைசியில் மறுபடி பாருங்கள், ஆரம்பத்தில் கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

மாணவிக்கு மட்டும் மார்க்கைக் கூட்டிவிட்டு விஷயத்தை முடிக்காதீர்கள். புதுத் தாளை வைத்து எல்லாப் பேப்பரையும் மறுபடி திருத்துங்கள், முடிந்தால் நான்கைந்து பேப்பரைப் பெயர் தெரியாமல் இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்து அவர் போடும் மார்க்கோடு ஒப்பிடுங்கள். 66 வாங்கியவருக்கு மார்க் குறையும், அவரும் வந்து கேட்பார். அவருடைய பேப்பரில் நீங்கள் போட்ட கோடு எங்கே அறுந்தது என்று காட்டி, "இந்த முடிவுக்கு எந்த எண்ணிலிருந்து வந்தீர்கள்" என்று கேளுங்கள். ஏற்கெனவே அறிவித்த மார்க்கைக் குறைக்க உங்கள் கல்லூரி விதி இடம் தராவிட்டால் அவருடையதை அப்படியே விட்டுவிட்டு, இந்த முறை மார்க் கூட வேண்டியவர்களுக்கு மட்டும் கூட்டுங்கள், அடுத்த கேஸிலிருந்து புதுத் தாள்.